ஜிம் படத்தின் ஓரத்தில் பந்து ஏன் முட்டையாகிறது?

ஜிம் நடத்துபவர்கள், பயிற்சியாளர்கள், கொண்டோ வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் என்று பலருக்கும் சிங்கப்பூரில் ஒரு வேலை அடிக்கடி வரும்: ஜிம்மின் உட்புறத்தைப் படம் எடுத்துப் போட வேண்டும். இடம் சின்னது, இயந்திரங்கள் நிறைய. அதனால் போனில் 0.5x என்று மாற்றி, மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுக்கிறார்கள். படத்தில் அறை பெரிதாகத் தெரிகிறது. ஆனால் ஓரத்தில் கிடந்த மெடிசின் பந்து முட்டையாகிவிடுகிறது. கடைசி நான்கு டிரெட்மில்லும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே இரும்புக் குவியலாகத் தெரிகின்றன, பவர் ரேக் சாய்ந்து நிற்கிறது.

“வைட் லென்ஸ்னா அப்படித்தான் அண்ணே, எல்லாத்தையும் கோணலாக்கிடும்” என்று ஒரு ஜிம் உரிமையாளர் என்னிடம் சொன்னார். பலர் சொல்வதும் இதுதான். ஆனால் மேலே சொன்ன குறைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அவற்றில் லென்ஸின் உண்மையான குறை என்று சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பலர் விலை கூடிய லென்ஸ் வாங்கியும் அதே முட்டையை எடுக்கிறார்கள்.

## சுவரில் விழும் எலுமிச்சை நிழல்

முதலில் முட்டையை எடுத்துக்கொள்வோம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, போனின் டார்ச்சைச் சுவரைப் பார்த்து மேசைமேல் வையுங்கள். சுவருக்கும் போனுக்கும் இடையே அரை மீட்டர் இருந்தால் போதும். ஓர் எலுமிச்சம்பழத்தை டார்ச்சுக்கு நேரே பிடித்தால் நிழல் வட்டமாக விழும். இப்போது பழத்தைச் சுவருக்கு இணையாகவே மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பழம் மாறவில்லை, ஆனால் நிழல் நீளத் தொடங்கும். வெளிச்சம் சுவரில் எவ்வளவு சாய்வாகப் போய் விழுகிறதோ அவ்வளவுக்கு நிழல் இழுபடும்.

கேமராவுக்குள் நடப்பதும் இதே கணக்குதான். எதிரே இருக்கும் பொருளிலிருந்து வரும் ஒளி, ஒரு புள்ளி வழியாக நேர்கோட்டில் போய், தட்டையான சென்சாரில் விழுகிறது. நடுவில் வருவது நேராக விழும், ஓரத்தில் வருவது சாய்வாக விழும். சாய்வாக விழுந்த பந்து முட்டையாகப் பதிவாகிறது. இதை ஓர நீட்சி என்று சொல்லிக்கொள்வோம். லென்ஸ் எவ்வளவு உயர்தரமாக இருந்தாலும் ஓர நீட்சி இருக்கும். வளைந்த உலகத்தைத் தட்டையான பரப்பில் நேர்கோடுகள் கெடாமல் வாங்குவதற்கான விலை அது.

அதே டார்ச்சுக்கு முன்னால் ஒரு வெள்ளிக் காசைச் சுவருக்கு இணையாகப் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு பக்கவாட்டில் கொண்டுபோனாலும் நிழல் வட்டமாகவே இருக்கும். தட்டையான பொருள் சுவருக்கு இணையாக இருந்தால் அதன் வடிவம் கெடுவதில்லை. ஜிம்மில் இதன் பொருள் என்னவென்றால், கேமராவுக்கு முகம் காட்டி நிற்கும் சுவர், கதவு, சன்னல் சட்டம், சுவரில் மாட்டிய எடைத் தட்டு ஆகியவை ஓரத்தில் இருந்தாலும் சரியாக வரும். பந்து, கெட்டில்பெல், உருண்டைத் தூண், மனிதர்கள் ஆகியோர் ஓரத்தில் இருந்தால் பருத்துவிடுவார்கள். படத்தின் ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் தனக்கு எடை கூடிவிட்டது என்று கவலைப்படத் தேவையில்லை.

## எவ்வளவு நீளும்?

இங்கே ஒரே ஒரு சொல் தேவை. குவியத் தூரம் என்பது லென்ஸின் மேல் மில்லிமீட்டரில் எழுதியிருக்கும் எண். எண் சிறிதாக இருந்தால் கேமரா பார்க்கும் கோணம் அகலம், பெரிதாக இருந்தால் குறுகல். கீழே சொல்பவை எல்லாம் 36 மி.மீ. அகலச் சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவுக்கான எண்கள். போன்களும் இந்தக் கணக்குக்கு மாற்றித்தான் தங்கள் எண்ணைச் சொல்கின்றன.

16 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 97 பாகை பார்க்கும். அதன் இடது, வலது விளிம்பில் இருக்கும் பந்து, உயரத்தைவிட அகலத்தில் ஒன்றரை மடங்காகத் தெரியும். 24 மி.மீ.யில் பார்வை 74 பாகை, அங்கே விளிம்புப் பந்து 1.25 மடங்கு. 35 மி.மீ.யில் 54 பாகை, நீட்சி 1.12 மடங்கு. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணக் கண் கவனிக்காது. 24 மி.மீ.யில் இருப்பதை உற்றுப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். 16 மி.மீ. யாருக்கும் தெரியும். போன்களின் 0.5x பெரும்பாலும் 13 மி.மீ. அளவில் இருப்பதால், அதன் மூலைகளில் பந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுபடும்.

இது படத்தின் பிழை இல்லை என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 16 மி.மீ.யில் எடுத்த படத்தை 15.6 அங்குல லேப்டாப்பில் திரை முழுக்க வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணைத் திரையின் நடுவுக்கு நேரே சுமார் 15 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுபோங்கள். ஓரத்து முட்டையைத் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தால் அது பந்தாகிவிடும். கேமரா பார்த்த அதே கோணத்தில் இப்போது நீங்களும் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் யாரும் லேப்டாப்பை மூக்கில் ஒட்டிக்கொண்டு பார்ப்பதில்லை. அதனால்தான் நமக்கு முட்டை தெரிகிறது.

## கூரைக் குழாய் வளைவது வேறு விஷயம்

இப்போதைய ஜிம்கள் பலவற்றில் பொய்க்கூரை கிடையாது. ஏர்கான் காற்றுக்குழாய்கள் அப்படியே தெரிய ஓடுகின்றன. சிங்கப்பூரின் ஈரக் காற்றில் குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் கோத்துச் சொட்டும் என்பதால் அவற்றுக்கு வெப்பக்காப்பு உறை போட்டிருப்பார்கள். உறையின் மேற்பரப்பு கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் குழாயின் ஓட்டம் நேர்தான். படம் எடுப்பவருக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் கூரையில் ஒரு நீளமான அடிக்கோல் கிடக்கிறது.

படத்தின் மேல் விளிம்பை ஒட்டிக் குறுக்காக ஓடும் குழாய், நடுவில் மேலே புடைத்தும் இரு முனைகளில் கீழே இறங்கியும் வந்தால், அது பீப்பாய் வளைவு. லென்ஸின் உருப்பெருக்கம் நடுவில் கூடுதலாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருப்பதால் நேர்கோடு வெளிப்பக்கம் புடைக்கிறது. லென்ஸின் உண்மையான குறை என்று முன்பு சொன்னது இதைத்தான். திருத்துவது எளிது: படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் Enable Profile Corrections என்ற கட்டத்தைத் தட்டினால் போதும். போன்கள் இதைத் தாமாகவே செய்துவிடுகின்றன.

ஆனால் திருத்தியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குழாயை நேராக்க, மென்பொருள் படத்தின் மூலைகளை வெளியே இழுக்கிறது. அப்போது மூலையில் இருந்த பந்து இன்னும் நீளும். குழாய் நேராகிறது, பந்து கெடுகிறது. பந்தைக் காப்பாற்றினால் குழாய் வளையும். அகலமான பார்வையில் நேர்கோட்டையும் உருண்டையின் வடிவத்தையும் ஒரே படத்தில் முழுதாகக் காப்பாற்ற எந்த லென்ஸாலும் முடியாது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பந்து முட்டையாவது ஓர நீட்சி, அது வடிவக் கணிதம், பார்வைக் கோணம் கூடக்கூடக் கூடும். நேர்குழாய் வில்லாவது பீப்பாய் வளைவு, அது லென்ஸின் குறை, மென்பொருளில் திருத்தலாம். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டுக்கொண்டிருப்போம்.

## முன்னது பெரிது, பின்னது சிறிது: யார் காரணம்?

அகல லென்ஸ் முன்னால் இருப்பதைப் பூதாகரமாக்கும், பின்னால் இருப்பதைச் சுருக்கும் என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. இதைச் செய்வது நீங்கள் நிற்கும் இடம். முதல் டிரெட்மில் 1 மீட்டரிலும் கடைசியானது 6 மீட்டரிலும் இருந்தால், படத்தில் முதலாவது ஆறு மடங்கு பெரிதாக இருக்கும். அதே வரிசையில் 2 மீட்டர் பின்னால் போய் நின்றால் தூரம் 3, 8 என்று ஆகிறது. விகிதம் மூன்று மடங்குக்கும் கீழே இறங்கிவிடும். லென்ஸைத் தொடவே இல்லை.

நம்பாதவர்கள் ஒரே இடத்தில் நின்று 0.5x, 1x என்று இரண்டு படம் எடுங்கள். முதல் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி இரண்டாவதோடு ஒப்பிடுங்கள். எந்தக் கைப்பிடி எந்த இருக்கையை மறைக்கிறது என்பது இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். அகல லென்ஸ் செய்யும் ஒரே காரியம், இவ்வளவு கிட்டே நின்றும் எல்லாம் சட்டத்துக்குள் வந்துவிடும் என்ற துணிச்சலை நமக்குக் கொடுப்பதுதான்.

## ஆறு டிரெட்மில், ஒரு அறை

இனி ஓர் அறையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 11 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். நீளச் சுவர் ஒன்றில் சன்னல்கள். அவற்றைப் பார்த்தபடி ஆறு டிரெட்மில்கள், ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 1.4 மீட்டர். எதிர்ச்சுவரில் கண்ணாடியும் டம்பெல் அடுக்கும். தூரத்துக் கடைசியில் பவர் ரேக். கூரையில் நீளவாக்கில் ஒரு காற்றுக்குழாய்.

பெரும்பாலானோர் சன்னல் பக்க மூலையில் ஒண்டிக்கொண்டு வரிசையின் நீளத்துக்குப் பார்ப்பார்கள். டிரெட்மில்களின் திரைப்பலகைகள் எல்லாம் ஒரு நேர்கோட்டில் இருக்கின்றன. அந்தக் கோட்டிலிருந்து அரை மீட்டர் மட்டும் விலகி, முதல் இயந்திரத்துக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து பார்க்கும்போது ஐந்தாவது திரைப்பலகைக்கும் ஆறாவதற்கும் இடையே ஒரு பாகைகூட இடைவெளி கிடைக்காது, அதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால்தான் கடைசி இயந்திரங்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் இதைப் பிரிக்க முடியாது, ஏனென்றால் முன்னது பின்னதை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது அறையின் குறுக்கே நடந்து, அந்தக் கோட்டிலிருந்து 3 மீட்டர் விலகி நில்லுங்கள். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் இடையே 3.5 பாகை கிடைக்கும், ஐந்து மடங்குக்கும் மேல். ஒவ்வொரு இயந்திரத்துக்குப் பின்னாலும் கொஞ்சம் தரையும் கொஞ்சம் சன்னலும் தெரியத் தொடங்கும். அந்த இடைவெளிதான் கண்ணுக்கு ‘இது ஒன்று, அது இன்னொன்று’ என்று சொல்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. முதல் திரைப்பலகை இப்போது 3.4 மீட்டர் தூரத்தில், கடைசியானது 9 மீட்டரில். மூலையில் ஒண்டியபோது இருந்த ஐந்து மடங்கு அளவு வித்தியாசம் மூன்றுக்குக் கீழே வந்துவிட்டது.

இந்த இடத்திலிருந்து முதல் டிரெட்மில்லின் விளிம்பு முதல் தூரத்துப் பவர் ரேக் வரை எல்லாம் 24 மி.மீ. லென்ஸின் 74 பாகைக்குள் அடங்கிவிடும். 16 மி.மீ. தேவையே இல்லை. போனில் சாதாரண 1x ஏறக்குறைய இந்த அளவுதான். கண்ணாடிச் சுவரும் கேமராவுக்குப் பின்னால் போய்விடுகிறது. இல்லையென்றால் கண்ணாடிக்குள் தெரியும் டிரெட்மில்கள் இன்னொரு வரிசை போலத் தோன்றி, எது நிஜம் எது பிம்பம் என்று பார்ப்பவர் குழம்புவார்.

எடுப்பதற்கு முன் சட்டத்தின் இரு ஓரங்களையும் பாருங்கள். அங்கே பந்தோ கெட்டில்பெல்லோ கிடந்தால் எடுத்து நடுப்பக்கமாக வையுங்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு காரியம் பாதி லென்ஸ் வாக்குவாதங்களைத் தீர்த்துவிடும்.

## குழாயும் வேண்டும், தரையும் வேண்டும்

கூரைக் குழாய் அழகாக இருக்கிறது என்று கேமராவைக் கொஞ்சம் மேலே சாய்ப்பார்கள். சாய்த்த உடனே சென்சார் செங்குத்துக் கோடுகளுக்கு இணையாக இருப்பது போய்விடும். பவர் ரேக்கின் கால்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கீழே சாய்த்தால் நேர் எதிர். இதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தம் இல்லை, சாய்த்ததுதான் காரணம்.

கேமராவை மட்டமாக வைத்துக்கொண்டே கூரையை வாங்கலாம். கூரை 3 மீட்டர் என்றால் கேமராவை 1.5 மீட்டர் உயரத்தில் வையுங்கள். படுக்கைவாட்டில் பிடித்த 24 மி.மீ.யில், கேமராவுக்கு முன்னால் 3 மீட்டர் தள்ளியுள்ள இடத்திலிருந்து கூரையும் தரையும் சம அளவில் சட்டத்துக்குள் வரத் தொடங்கும். அதற்கு அப்பால் உள்ள குழாய் முழுவதும் படத்தில் இருக்கும், ரேக்கும் நிமிர்ந்து நிற்கும். போனில் கட்டக்கோடுகளைக் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டு, சன்னல் சட்டம் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

## கறுப்புத் தரையில் கறுப்பு இயந்திரம்

வடிவம் சரியாக இருந்தும் இயந்திரங்கள் கலங்கித் தெரிவதற்கு ரப்பர் தரையும் ஒரு காரணம். தரை ஒளியை விழுங்கும், இயந்திரத்தின் கால்களும் கறுப்பு. எங்கே கால் முடிந்து தரை தொடங்குகிறது என்று தெரியாமல் போகும். ரப்பரைச் சாய்வான கோணத்தில், வெளிச்சத்தை எதிர்நோக்கிப் பார்த்தால் அதன் மேல் மெல்லிய பளபளப்பு வரும். தரை சாம்பலாக வெளுக்க, கால்கள் கறுப்பாகத் தனித்து நிற்கும். நம் அறையில் சன்னலை நோக்கி எடுப்பதால் இது தானாகவே கிடைக்கிறது. சன்னல் வெளுத்துப்போகாமல் இருக்க, வெளிச்ச அளவை மாற்றி இரண்டு படம் எடுத்துச் சேர்க்க வேண்டியிருக்கும்.

தரையை வெறுமனே கருமையாக விடாமல் அதன் இணைப்புக் கோடுகள் தெரியும்படி எடுங்கள். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் கண் தூரத்தை அளக்கிறது. எந்த இயந்திரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

## வாசலிலிருந்து முழு அறையும் வேண்டுமென்றால்

சில நேரம் குறுக்கே நடந்து போக இடமே இருக்காது. வாசலில் நின்று 100 பாகைக்கு மேல் காட்ட வேண்டியிருக்கும். அப்போது எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கு ஒரு நல்ல சமரசம் இருக்கிறது. 35 மி.மீ. போன்ற லென்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சில படங்கள் எடுத்து, Hugin என்ற இலவச மென்பொருளில் ஒட்டும்போது, படத்தை விரிக்கும் முறையாக Panini என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டடங்களின் உட்புறங்களை மிக அகலமாக வரைந்த 18ஆம் நூற்றாண்டு ரோம் நகர ஓவியர் ஜொவான்னி பவுலோ பானினியின் பெயர் அது.

இந்த முறையில் செங்குத்துக் கோடுகள் நேராக இருக்கும். நடுவில் உள்ள மறைபுள்ளியை, அதாவது இணைகோடுகள் தூரத்தில் சேர்வதுபோல் தோன்றும் புள்ளியை, நோக்கி ஓடும் கோடுகளும் நேராக இருக்கும். ஓரத்துப் பந்தும் பெரிதாக நீளாது. அறையின் நீளத்துக்கு நேரே பார்த்து எடுத்தால், நம்மிடமிருந்து விலகி ஓடும் காற்றுக்குழாயும் தரை இணைப்புகளும் இயந்திர வரிசையும் அப்படியே நேராக நிற்கும். குறுக்கே ஓடுபவை மட்டும் வளையும், கூரையை ஒட்டியவை அதிகமாக வளையும். ஆகவே கூரையில் குறுக்குக் குழாய்கள் நிறைய உள்ள ஜிம்முக்கு இது ஒத்துவராது. அங்கே இரண்டு தனித்தனிப் படங்களாக எடுப்பதே நல்லது.

ஒட்டுப் படத்தில் கெடுவது பெரும்பாலும் கிட்டே இருக்கும் இயந்திரம்தான். போனைக் கை நீட்டிப் பிடித்து உடம்போடு சேர்ந்து சுழன்றால், லென்ஸ் ஒரு பெரிய வட்டத்தில் நகர்ந்துவிடும். ஒவ்வொரு படத்திலும் முன்னது பின்னதை மறைக்கும் அளவு மாறிவிடுவதால், ஒட்டும் இடத்தில் கைப்பிடி இரண்டாகும் அல்லது பாதியில் அறுந்து நிற்கும். முக்காலியில், லென்ஸ் இருக்கும் புள்ளி நகராமல் கேமராவை மட்டும் திருப்ப வேண்டும். ஒட்டி முடித்ததும் படத்தைப் பெரிதாக்கி, முன்வரிசைக் கைப்பிடிகளையும் அவற்றுக்குக் கீழே ஓடும் ரப்பர் இணைப்புக் கோடுகளையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பாருங்கள். ஒட்டு தவறியிருந்தால் அங்கேதான் தெரியும்.